மேப் போட்டு கார் ஓட்டுவது எப்படி: தாம்பரத்திலிருந்து திருவண்ணாமலை வரை

புதிதாகக் கார் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூகுள் மேப்ஸை வைத்துச் சொல்கிறேன், வழி தாம்பரத்திலிருந்து திருவண்ணாமலை. ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு, மதுராந்தகம் தாண்டி திண்டிவனம், அங்கிருந்து செஞ்சி வழியாக மலைக்கு.

முதலில் ஒரு கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. திரையை இரண்டு நொடி பார்த்தால் 44 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020-ல் கொண்டுவந்த திருத்தமும் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாத விதத்தில் என்றுதான் சொல்கிறது. ஆகவே திரையை முடிந்தவரை பார்க்காமல், காதால் கேட்டே ஓட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே அமைத்துக்கொள்ள வேண்டும்.

1. போனை மாட்டுவது

சீட்டை உங்களுக்கு ஏற்றபடி வைத்து, பெல்ட் போட்டு, முதுகு சாய்ந்து உட்காருங்கள். இப்போது கையை நீட்டினால் தோள் சீட்டை விட்டு எழாமல் போனைத் தொட முடிய வேண்டும், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கினால் திரை தெரிய வேண்டும். நம் ஊர்க் கார்களில் இதற்குச் சரியான இடம் ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் இருக்கும் ஏசி வென்ட், அல்லது அதற்கு மேலே டேஷ்போர்டின் நடுப்பகுதி. கண்ணாடி நடுவில் உயரமாக ஒட்டினால் சாலையின் ஒரு துண்டு மறைந்துவிடும். வலது ஓரத் தூணை ஒட்டி வைப்பது அதைவிட மோசம், அந்தத் தூண் ஏற்கெனவே ஒரு பைக்கையே மறைக்கிற அளவு அகலம்.

டேஷ்போர்டில் SRS AIRBAG என்று எழுதியிருக்கும் மூடிமேல் எதையும் ஒட்டாதீர்கள், ஏர்பேக் வெடித்துத் திறந்தால் ஹோல்டர், போன் எல்லாம் பறந்து வரும்.

வெயிலில் நின்ற காரில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கப் கழன்று விழுவது சகஜம். சொரசொரப்பான டேஷ்போர்டில் அது பிடிக்கவே பிடிக்காது. என் ஓட்டு வென்ட் கிளிப்புக்குத்தான், அதுவும் பின்னால் கொக்கி போட்டுத் திருகி இறுக்குகிற வகைக்கு. ஏசி காற்று பட்டுப் போன் சூடாகாமலும் இருக்கும். நேர் வெயிலில் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும் போன் கொஞ்ச நேரத்தில் கொதித்துப்போய்த் திரையை மங்கலாக்கிவிடும், சார்ஜ் ஏறுவதும் நிற்கும். மாட்டி முடித்ததும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள், கியரையும் எல்லா இடத்துக்கும் போட்டுப் பாருங்கள். சார்ஜர் ஒயர் எங்கும் சிக்கக் கூடாது.

2. குரல்

செட்டிங்ஸில் Navigation பகுதிக்குப் போனால் குரலின் மொழியைத் தமிழாக மாற்றலாம், சத்தத்தையும் கூட்டலாம். திரையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் மூன்று நிலை வரும்: முழுக் குரல், எச்சரிக்கை மட்டும், ஊமை. குரல் வரவில்லை என்று குழம்புகிறவர்களில் பாதிப் பேருடைய போன் நடுவில் இருக்கும் அந்த எச்சரிக்கை மட்டும் நிலையில்தான் கிடக்கும்.

மீதிப் பாதி புளூடூத் விவகாரம். போன் காரின் ஸ்டீரியோவோடு இணைந்திருக்கிறது, ஸ்டீரியோவில் எஃப்.எம். ஓடுகிறது, மேப் தன் பாட்டுக்கு புளூடூத்தில் பேசிக்கொண்டிருக்கிறது, நமக்கு எதுவும் கேட்பதில்லை. Play voice over Bluetooth என்பதை அணைத்துவிட்டால் குரல் போனிலிருந்தே வரும். சில ஸ்டீரியோக்களில் குரல் வரும், ஆனால் முதல் ஓரிரு சொற்களை விழுங்கிவிடும், “200 மீட்டரில்” என்பது போய் “திரும்பவும்” மட்டும் காதில் விழும். அதற்கும் இதே வைத்தியம்தான். வீட்டு வாசலிலேயே கேட்டுப் பாருங்கள், தெரு முனைக்குள் எப்படியும் ஒரு திருப்பம் சொல்லும்.

அப்புறம் போனில் டூ நாட் டிஸ்டர்ப் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தி திரையின் மேல்பக்கம்தான் வந்து உட்காரும், அடுத்த திருப்பத்தைக் காட்டும் பச்சைப் பட்டையும் அங்கேதான் இருக்கிறது. குடும்ப குரூப்பில் யாரோ போட்ட குட்மார்னிங் பூங்கொத்து சரியான நேரத்தில் அம்புக்குறியை மறைக்கும்.

3. கிளம்பும் முன்

கோயில் பெயரைப் போட்டால் மேப் கோயிலை ஒட்டிய நெரிசலுக்குள் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கும். தங்கும் விடுதியோ வண்டி நிறுத்தும் இடமோ, அதைப் போடுங்கள். பெட்ரோலுக்கும் டிபனுக்கும் எங்கே நிற்பீர்கள் என்பதை Add stop மூலம் இப்போதே சேர்த்துவிடுங்கள். வழி நெடுக சிக்னல் ஒரே மாதிரி இருக்காது என்பதால் இந்தப் பகுதியை ஆஃப்லைன் மேப்பாக இறக்கிக்கொள்வதும் நல்லது.

பிறகு முழு வழியையும் ஒருமுறை விரலால் நகர்த்திப் பார்த்து, சிக்கலான இடம் எது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் அது திண்டிவனம். செஞ்சி நமக்கு வலப்பக்கம், ஆனால் வலது லேனில் போனால் மேம்பாலம் ஏறி விழுப்புரம் பக்கம் போய்விடுவோம். இடது சர்வீஸ் ரோட்டில் இறங்கி, பாலத்துக்கு அடியில் வலது திரும்ப வேண்டும். இதை வீட்டிலேயே பார்த்தவர் அங்கே திரையைத் தேட மாட்டார்.

4. ஓட்டும்போது வழி மாறினால்

அந்த மேம்பாலத்தையே எடுத்துக்கொள்வோம். பாலத்துக்கு மேலே போகிறோமா, பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில் போகிறோமா என்பது ஜி.பி.எஸ்.ஸுக்குப் பல நேரம் தெரியாது, இரண்டும் சில மீட்டர் இடைவெளியில் இருப்பதால் புள்ளி ஒரே இடத்தில்தான் நிற்கும். பாலத்தின் கைப்பிடிச் சுவர் இருக்கிற பக்கம் “வலது திரும்பவும்” என்று குரல் சொன்னால், மேப் நம்மைக் கீழே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த மாதிரி இடத்தில் நெடுஞ்சாலைப் பலகையை நம்புங்கள்.

சரி, தவறிப் பாலம் ஏறிவிட்டீர்கள். செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, நேராகப் போங்கள். பிரேக் போட வேண்டாம், ஓரத்தில் ரிவர்ஸ் எடுக்கவே வேண்டாம், திரையையும் தொட வேண்டாம். மேப் தானாகவே வேறு வழி கணக்குப் போடும். அது சென்டர் மீடியன் இடைவெளியில் யூ டர்ன் போடச் சொன்னாலும், வேக லேனில் லாரி வருகிற இடமாக இருந்தால் கேட்காதீர்கள். நீங்கள் திரும்பாமல் தாண்டினால் அடுத்த வாய்ப்பைச் சொல்லும். அடியில் புகுந்து திரும்பும் பாலம் வரும்வரை போகலாம், போனால் சில நிமிடம்.

நீங்களாகவே வழியை மாற்ற விரும்பினால், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். தனியாகப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் பங்குக்குள் வண்டியை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் ஹசார்ட் போட்டு நிற்பது நிறுத்தம் ஆகாது, சுங்கச்சாவடி வரிசையில் நகர்ந்துகொண்டே மாற்றுவதும் கூடாது. மைக்கில் இடத்தின் பெயரைச் சொல்லித் தேடும் வசதியும் இருக்கிறது, ஆனால் கீழ்பென்னாத்தூர் என்று நாம் சொன்னது அதற்கு என்னவாக விழுந்தது என்று பார்க்கக் கண் திரைக்குத்தான் போகும், அதனால் எனக்கு அது பிடிக்காது. மங்கலான நிறத்தில் மாற்று வழி காட்டும்போது விரல் தெரியாமல் பட்டாலும் வழி மாறிவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

5. ஊருக்குள்

பௌர்ணமி அன்று போனால் திருவண்ணாமலைக்கு வெளியிலேயே போலீஸ் வண்டிகளைத் திருப்பிவிடும். மேப்புக்கு அது தெரியாமல் போகலாம், திரும்பிப் போ என்று நச்சரித்துக்கொண்டே இருக்கும். போலீஸ்காரர் கை காட்டும் பக்கம் போங்கள், குரல் தொல்லையாக இருந்தால் போனின் பக்கவாட்டு வால்யூம் பட்டனைத் தடவிப் பார்த்தே குறைத்துவிடலாம். வண்டியை நிறுத்தியதும் நீலப் புள்ளியைத் தொட்டு Save parking கொடுத்துவிடுங்கள், 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து நள்ளிரவில் வரும்போது எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்கும்.