அனுப்பிய விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா? மலேசியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நிறைய வேலை அறிவிப்புகள் ஒரு படமாகத்தான் வரும். வேலையின் பெயர், கடைசித் தேதி, கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி, அவ்வளவுதான். ஊரில் முன்பெல்லாம் ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினால் அந்த அட்டை திரும்பி வந்துவிடும். இங்கே அப்படி எதுவும் கையில் கிடைக்காது.

வேலை அனுமதிச் சீட்டைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அதற்கு நிறுவனம்தான் குடிநுழைவுத் துறையிடம் விண்ணப்பிக்கும். உங்கள் கவலையெல்லாம் அந்த முதல் மின்னஞ்சல்.

முகவரியைப் படத்திலிருந்து பார்த்துத் தட்டச்சு செய்யும்போது .com என்பதா, .com.my என்பதா என்று இரண்டு முறை பாருங்கள். தவறான பெயரிலும் வேறொரு நிறுவனம் இருக்கலாம். அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் உங்களுக்குத் தகவல் எதுவும் வராது. அனுப்பிய பிறகு, கடிதம் போய்ச் சேராமல் திரும்பி வந்திருக்கிறதா என்று ஜிமெயில் தேடல் பெட்டியில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
from:(mailer-daemon OR postmaster) in:anywhere
```

திரும்பி வந்த கடிதம் ஸ்பேமில் கிடந்தாலும் இது காட்டிவிடும். அதில் 550 5.1.1 என்று இருந்தால் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று பொருள். 552 என்றால் பெரும்பாலும் கோப்பு அளவு மீறியிருக்கும். இணைப்புக் கோப்புகள் அனுப்பும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துப் போகும். அதனால் 8 எம்பி கோப்புகூட 10 எம்பி வரம்புள்ள இடத்தில் நுழையாது.

சரி, எதுவும் திரும்பி வரவில்லை. அப்படியானால் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். என் நண்பர் ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய வேலை கைநழுவிப் போனது இந்த இடத்தில்தான்.

மதுரைக்காரர். பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு விண்ணப்பித்தார். பாஸ்போர்ட் நகலும் சேர்த்திருந்ததால், யார் கையிலும் சிக்கக் கூடாதென்று எல்லாவற்றையும் ஜிப் கோப்பாக்கிக் கடவுச்சொல் போட்டு அனுப்பினார். அடுத்த மின்னஞ்சலில் கடவுச்சொல்லை அனுப்பினார். பொறுப்பான ஆள் செய்கிற காரியம்தான். ஆனால் வைரஸ் அனுப்புகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். பூட்டிய கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று நிறுவனத்தின் மின்னஞ்சல் வடிகட்டியால் பார்க்க முடியாது, அதனால் கடிதத்தைத் தனியாக ஒதுக்கி வைத்துவிடும். அனுப்பியவருக்கும் சொல்லாது, பெரும்பாலும் பெறுபவருக்கும் சொல்லாது. கடைசித் தேதி முடிந்த பிறகு அவர் ஃபோன் செய்தார். ஐ.டி. பிரிவில் தேடிப் பார்த்து எடுத்தார்கள். அதற்குள் இடம் நிரம்பிவிட்டது. தகுதியான ஒருவரின் விண்ணப்பத்தை ஒரு மனிதர்கூடத் திறந்து பார்க்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

அதனால் ஒரே பிடிஎஃப், 5 எம்பிக்குள், பூட்டு இல்லாமல் அனுப்புங்கள். பாஸ்போர்ட் நகலை அவர்கள் கேட்கும்போது கொடுத்தால் போதும்.

அடுத்த வேலை நாளில் இணைப்பே இல்லாமல் புதிதாக ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள். இன்ன தேதி, இன்ன நேரத்தில், இந்த முகவரியிலிருந்து, இந்தத் தலைப்பில் விண்ணப்பம் அனுப்பினேன், கிடைத்ததா என்று நான்கு வரி போதும். வெறும் எழுத்து மட்டும் உள்ள கடிதம் வடிகட்டியில் சிக்குவது குறைவு. இதற்குப் பதில் வந்து, அதில் முதல் கடிதம் வரவில்லை என்று இருந்தால் முகவரி சரி, தடை பெரும்பாலும் இணைப்பில்தான் என்று புரிந்துவிடும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் ஃபோன்தான். எண்ணை அந்தப் படத்திலிருந்து எடுக்காதீர்கள், நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுங்கள். போலி அறிவிப்பாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். காலை பத்து மணி வாக்கில் கூப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக மதிய இடைவேளை நீளும், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். நம் ஆட்கள் ஃபோன் செய்தால் தொந்தரவாக நினைப்பார்களோ என்று தயங்குவார்கள். தயங்க வேண்டாம், மரியாதையாக ஒருமுறை கேட்பதை இங்கே யாரும் தவறாக எடுப்பதில்லை. "வந்ததா?" என்று மட்டும் கேட்டால் இன்பாக்ஸை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு இல்லை என்பார்கள். உங்கள் மின்னஞ்சல் முகவரியைச் சொல்லி அதை வைத்துத் தேடச் சொல்லுங்கள். ஜங்க் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் இல்லையென்றால் ஐ.டி. பிரிவிடம் கேட்க முடியுமா என்று கேளுங்கள். ஒதுக்கி வைத்த கடிதங்கள் சில வாரங்களில் தானாகவே அழிந்துவிடும், அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

ஒருவேளை கடைசித் தேதி தாண்டிவிட்டால், பூட்டில்லாத பிடிஎஃபை இணைத்து, அனுப்பிய பெட்டியில் உள்ள பழைய கடிதத்தின் தேதியும் நேரமும் தெரியும்படி அதன் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஊரிலிருந்தே விண்ணப்பித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே மாலை ஐந்து மணிக்கு முடிகிற அறிவிப்புக்கு நீங்கள் சென்னையில் மதியம் இரண்டரைக்குள் அனுப்பியிருக்க வேண்டும்.