'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்': எதைச் செய்யச் சொல்கிறோம்?

சேலத்தில் துண்டு, படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையருக்கும் டையிங் பட்டறைக்கும் நடுவில் நின்று மெயில் எழுதுவதுதான் என் வேலையில் பாதி. ஒரே ஒரு வரியால் ஒரு வாரம் போனதை நேரில் பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்து பையர் ஒருவருக்குக் கிச்சன் டவல் ஆர்டர். மூன்று நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி என மூன்று ஷேடு சாயம் போட்டு, லேப் டிப் எனப்படும் அந்தச் சாய மாதிரிகளைக் கூரியரில் அனுப்பியிருந்தோம். பையர் ஒரு ஷேடைத் தேர்ந்து சொன்னால்தான் நூலைச் சாயத்தில் போட முடியும். திங்கட்கிழமை நான் அனுப்பிய மெயிலில் கூரியர் எண், திருத்திய விலை, அட்டைப்பெட்டியில் அச்சடிக்க வேண்டிய விவரம் எல்லாம் இருந்தன. ஷேடு அப்ரூவல் கேட்டது கடைசிப் பத்தியில்.

வியாழன் வரை பதில் இல்லை. சனிக்கிழமைக்கு டையிங்கில் இடம் பிடித்து வைத்திருந்தோம். பதற்றத்தில் எழுதினேன்: "ஆஸ் பெர் மை லாஸ்ட் ஈமெயில், கைண்ட்லி டூ த நீட்ஃபுல்." எனக்கு அது பணிவான வரியாகத்தான் பட்டது.

வெள்ளி மாலை பதில் வந்தது. எப்போதும் என் பெயர் சொல்லித் தொடங்குகிறவர் அன்று பெயர் போடவில்லை. என் மேலாளரையும் சிசியில் சேர்த்திருந்தார். "விலைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டேன். இன்னும் என்ன வேண்டும்?" அவ்வளவுதான். பெயர் காணாமல் போவது, மேலாளர் சிசியில் வருவது: நம் வரி எதிராளிக்கு எப்படிப் பட்டது என்பதை இந்த இரண்டிலேயே கண்டுகொள்ளலாம். ஷேடு முடிவாகவில்லை. சனிக்கிழமை இடம் வேறு பார்ட்டிக்குப் போய்விட்டது, அடுத்த இடம் கிடைக்க ஒரு வாரம் ஆனது.

அந்த வரியில் இரண்டு தவறுகள். முதலாவது, 'நீட்ஃபுல்' என்பதில் வேலையின் பெயரே இல்லை. தமிழ் மனுக்களில் "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிக்கிறோமே, அதே வாக்கியம்தான் இது. கலெக்டர் அலுவலகத்தில் அது செல்லும். பட்டா மாறுதல் மனு என்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வாங்குகிறவருக்குத் தெரியும், வழிமுறை ஏற்கெனவே இருக்கிறது. என் பையருக்கு அப்படி ஒன்று இல்லை. மெயிலில் இருந்த நான்கு விஷயங்களில் விலைதான் நான் கேட்பது என்று அவர் எடுத்துக்கொண்டார். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. இந்தச் சொற்றொடர் ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களே எழுதியதுதான். அங்கே வழக்கொழிந்துவிட்டது, நம் அலுவலகங்களில் தங்கிவிட்டது. அதனால் அங்கே படிக்கிறவருக்குப் பழைய வாடை அடிக்கும், அமெரிக்கர் சிலருக்குப் புரியாமலும் போகும். 'கைண்ட்லி'யும் நாம் நினைக்கும் 'தயவுசெய்து' அல்ல. அவர்கள் பலருடைய காதில் அது 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்ற அறிவிப்புப் பலகையின் குரல். 'ப்ளீஸ்' போதும்.

இரண்டாவது, 'ஆஸ் பெர் மை லாஸ்ட் ஈமெயில்'. இதை எழுதும்போது நம் மனதில் இருப்பது அரசுக் கடிதத்தின் 'பார்வை' வரி, அதாவது எந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்ற குறிப்பு. படிக்கிறவருக்கோ "அதான் ஏற்கெனவே சொன்னேனே, படிக்கலையா?" என்று கேட்கிறது. 'ஆஸ் பெர்' என்பதிலேயே குற்றம் இல்லை. பர்ச்சேஸ் ஆர்டர்படி, அப்ரூவ் ஆன சாம்பிள்படி என்று தாராளமாக எழுதலாம், அவை இருவரும் ஒப்புக்கொண்ட ஆவணங்கள். 'என் போன மெயில்' என்றதும் விரல் அந்த ஆளை நோக்கித் திரும்பிவிடுகிறது.

அப்புறம் மறுபடி எழுதினேன். தலைப்பில் 'மூன்று நிறங்களுக்கு ஷேடு அப்ரூவல், செவ்வாய்க்குள்' என்று போட்டேன். உள்ளே: "விலை ஒப்புதலுக்கு நன்றி. இன்னும் ஒன்றுதான் வேண்டும். நீலம், கடுகு மஞ்சள், சாம்பல் மூன்றுக்கும் ஏ, பி, சியில் எது என்று சொல்லுங்கள். உங்கள் நேரப்படி செவ்வாய் மாலை 4 மணிக்குள் கிடைத்தால் சனிக்கிழமை சாயம் போட முடியும். தாமதமானால் கப்பல் தேதி ஒரு வாரம் தள்ளும்." கூரியர் எண்ணையும் திரும்பக் கொடுத்தேன், பழைய மெயிலைத் தேடும் வேலை அவருக்கு வேண்டாம் என்று.

'ப்ளீஸ் ரிவர்ட்' என்பதையும் விட்டேன். நமக்கு அது 'பதில் சொல்லுங்கள்', அவர்களுக்கு 'பழைய நிலைக்குத் திரும்புங்கள்'.

உள்ளூர் வங்கிக்கோ ஆடிட்டருக்கோ எழுதும்போது 'நீட்ஃபுல்' யாரையும் புண்படுத்தாது. ஆனாலும் என்ன வேலை, எந்தத் தேதிக்குள் என்பதை அங்கேயும் எழுதிவிடுகிறேன். இப்போது மெயிலை அனுப்பும் முன் பக்கத்து மேசைக்காரரிடம் கடைசி வரியை மட்டும் படித்துக் காட்டுகிறேன். "என்ன செய்யணும்னு புரியுதா?" என்று கேட்டு, அவர் யோசித்தால் திருத்துகிறேன்.