உருக்கி வார்க்கும் கணக்குகளில் எங்கே வழுக்குகிறது?

பத்தாம் வகுப்பு அளவியலில் "ஓர் உலோகக் கோளம் உருக்கப்பட்டு..." என்று தொடங்கும் கணக்குகளுக்குத் தேவைப்படும் சூத்திரங்கள் மூன்றுதான். உருளைக்கு πr²h, கூம்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, கோளத்துக்கு (4/3)πr³. இவற்றை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகளும் விடையைத் தப்பாக எழுதுகிறார்கள். தப்பு பெரும்பாலும் சூத்திரத்தில் நடப்பதில்லை, அதற்குள் எந்த எண்ணைப் போடுகிறோம் என்பதில்தான் நடக்கிறது.

ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம். 12 செ.மீ விட்டமுள்ள செம்புக் கோளத்தை உருக்கி 2 மி.மீ விட்டமுள்ள கம்பியாக இழுக்கிறார்கள். கம்பியின் நீளம் எவ்வளவு?

முதலில், கம்பியும் உருளைதான். நீளமாக இருப்பதால் உருளை என்று மனதில் படுவதில்லை, அவ்வளவுதான். அதன் உயரத்தைத்தான் இங்கே நீளம் என்கிறோம். கோளத்தின் ஆரம் 6 செ.மீ, அதன் கன அளவு (4/3) × π × 216 = 288π கன செ.மீ. கம்பியின் ஆரம் 1 மி.மீ, அதாவது 0.1 செ.மீ. ஆகவே π × 0.01 × h = 288π. இரண்டு பக்கமும் π அடிபட்டுப்போகும். h = 28,800 செ.மீ, அதாவது 288 மீட்டர்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய ஒரு விசித்திரம் இருக்கிறது. 1 மி.மீ-ஐ செ.மீ-க்கு மாற்ற மறந்து, ஆரம் 1 என்றே போட்டாலும் h = 288 என்றுதான் வரும். விடைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் அங்கேயும் 288. சரி, வந்துவிட்டது என்று அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். ஆனால் நமக்கு வந்தது 288 செ.மீ, மூன்று மீட்டர்கூட இல்லை. மி.மீ என்ற சொல் கண்ணில் பட்டதுமே, எதையும் பெருக்குவதற்கு முன்னால், அதை மாற்றி எழுதிவிட வேண்டும். கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த எண் வர்க்கமாகியிருக்கும். அப்போது 10-ஆல் வகுப்பதா, 100-ஆல் வகுப்பதா என்ற குழப்பம் வேறு வந்து சேரும்.

அடுத்தது விட்டம். இதே கணக்கில் இரண்டு இடத்திலும் விட்டத்தை ஆரமாகப் போட்டால் என்ன ஆகும்? கோளத்தில் ஆரம் மூன்று முறை பெருக்கப்படுவதால் அதன் கன அளவு 8 மடங்காகும். கம்பியில் இரண்டு முறை பெருக்கப்படுவதால் அதன் குறுக்குவெட்டு 4 மடங்காகும். ஒன்றை ஒன்று பாதி தின்றுவிட, நீளம் 576 மீட்டர் என்று வரும். சரியான விடையைப் போல இரண்டே மடங்கு என்பதால், பார்த்தால் சந்தேகமே வராது. கம்பியில் மட்டும் இந்தத் தவறைச் செய்தால் 72 மீட்டர் கிடைக்கும்.

பெரிய கோளத்தைச் சிறு கோளங்களாக்கும் கணக்கில் இந்தத் தவறு விடையைக் கெடுக்காது. இரு பக்கமும் 8 மடங்கு கூடி அடிபட்டுப்போகும். அங்கே விட்டத்தை வைத்தே நேரடியாகக் கணக்கிடலாம். ஆனால் அங்கே வேறொரு பள்ளம் உண்டு. 6 செ.மீ ஆரமுள்ள கோளத்திலிருந்து 2 செ.மீ ஆரமுள்ள கோளங்கள் எத்தனை என்றால் 3 என்று சிலர் சொல்வார்கள், சிலர் வர்க்கமாக்கி 9 என்பார்கள். 3-இன் கனம் 27 என்பதே விடை.

இனி கூம்பு. இதில் ஆரம், உயரம், சாயுயரம் என மூன்று அளவுகள் இருப்பதால் வினா எழுதுபவருக்கு மாட்டிவிட வசதி அதிகம். அடி ஆரம் 6 செ.மீ, சாயுயரம் 10 செ.மீ உள்ள கூம்பை உருக்கி 2 செ.மீ ஆரமுள்ள கோளங்கள் செய்தால் எத்தனை கிடைக்கும்? கன அளவுக்கு வேண்டியது செங்குத்து உயரம். 100-இலிருந்து 36 போனால் 64, உயரம் 8 செ.மீ. கூம்பின் கன அளவு 96π, ஒரு கோளத்தின் கன அளவு 32π/3, ஆக 9 கோளங்கள். சாயுயரமான 10-ஐயே உயரமாகப் போட்டவருக்கு 120π வந்து, கோளங்கள் 11.25 என்று நிற்கும். வீணாகும் உலோகம் பற்றி வினாவில் பேச்சே இல்லாதபோது எண்ணிக்கை பின்னமாக வந்தால், பெரும்பாலும் எங்கோ இடறியிருக்கிறோம் என்று பொருள். 11 என்று முழுமையாக்கி எழுதிவிட்டுப் போகக் கூடாது, திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தச் சோதனையை முழுசாக நம்பவும் முடியாது. அதே கூம்பிலிருந்து 1 செ.மீ ஆரமுள்ள கோளங்கள் என்று கேட்டிருந்தால் சரியான விடை 72, தவறான வழியில் 90. இரண்டுமே முழு எண்கள்.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல் வரும். 6 செ.மீ ஆரக் கோளத்தை அதே ஆரமுள்ள கூம்பாக்கினால் உயரம் 24 செ.மீ. அதோடு நிற்காமல் வளைபரப்பைக் கேட்டால், πrl-இல் 24-ஐ அப்படியே போட்டுவிடக் கூடாது. சாயுயரம் 612-இன் வர்க்கமூலம், சுமார் 24.7. இன்னும் சிலர், உருக்கினாலும் உலோகம் அதேதானே, பரப்பும் மாறாது என்று நினைத்து, புறப்பரப்புகளைச் சமப்படுத்திவிடுகிறார்கள். மேலே பார்த்த செம்புக் கோளத்தின் புறப்பரப்பு 144π சதுர செ.மீ. கம்பியாக இழுத்த பிறகு அதன் வளைபரப்பு மட்டுமே 5760π, அதாவது 40 மடங்கு. மாறாமல் இருப்பது கன அளவு மட்டும்தான்.

உள்ளீடற்ற கோளம் வந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வெளி ஆரம் 5 செ.மீ, உள் ஆரம் 3 செ.மீ என்றால் தடிமன் 2 செ.மீ. அந்த 2-ஐ ஆரமாக எடுத்துக் கனமாக்குவது, அதாவது R³ − r³ எழுத வேண்டிய இடத்தில் (R − r)³ எழுதுவது, அடிக்கடி பார்க்கும் தவறு. சரியாகப் போட்டால் 125 − 27 = 98, தவறாகப் போட்டால் 8. இதை 7 செ.மீ ஆர உருளையாக வார்த்தால் உயரம் 8/3, சுமார் 2.67 செ.மீ. தவறான வழியில் 0.22 செ.மீ-தான் வரும், ஒரு தகடு போல. உள்ளே இருக்கும் வெற்றிடம் மொத்தக் கோளத்தில் 21.6 சதவீதம் மட்டுமே. ஓடு மெலிதாகத் தெரிந்தாலும் மொத்தக் கன அளவில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான்.

"உருக்கும்போது 10% வீணாகிறது" என்று வினாவில் இருந்தால், அந்தக் கழிவைக் கன அளவில் கழிக்க வேண்டும், ஆரத்தில் கழிக்கக் கூடாது. 6 செ.மீ ஆரக் கோளத்தை உருக்கி மீண்டும் ஒரு கோளமாக வார்த்தால், ஆரம் 5.4 ஆகாது. 216-இல் 90 சதவீதம் 194.4, அதன் கனமூலம் சுமார் 5.79 செ.மீ. அதே உலோகத்தில் 2 செ.மீ ஆரக் கோளங்கள் என்றால் கணக்கு 24.3 என்று வரும். இங்கே பின்னம் வருவதில் தவறில்லை. எழுத வேண்டிய விடை 24. 24.9 வந்திருந்தாலும் 24-தான், ஏனென்றால் இருபத்தைந்தாவது கோளத்துக்கு உலோகம் போதாது.