இந்த ஆஃபர் மெயிலை நம்பி ராஜினாமா எழுத முடியுமா?

சில வருடங்களுக்கு முன் நான் அனுப்பிய ஒரு ஆஃபர் மெயிலின் நடுப்பகுதி இது:

> சீனியர் அக்கவுண்டன்ட் பணிக்கு உங்களைத் தேர்ந்தெடுத்துள்ளோம். சம்பளம் ஆண்டுக்கு 12 லட்சம். ஆகஸ்ட் 1 அன்று சேர வேண்டும். இந்த வாரத்துக்குள் பதில் அனுப்பவும்.

பணி, சம்பளம், சேரும் தேதி, பதில் கெடு என்று சொல்ல வேண்டிய நான்கும் இருக்கின்றன. எழுதி முடித்தபோது எனக்கும் திருப்திதான். மறுநாள் காலையில் அதைப் பெற்ற பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். நன்றி சொன்னார், அப்புறம் வரிசையாகக் கேட்டார். கையில் மாதம் எவ்வளவு வரும்? எனக்கு 60 நாள் நோட்டீஸ் இருக்கிறதே, ஆகஸ்ட் 1 எப்படி முடியும்? முன்னாள் மேலாளர்களிடம் விசாரிப்போம் என்றீர்களே, அது முடிந்துவிட்டதா? இந்த வாரம் என்றால் வெள்ளியா, ஞாயிறா?

எதற்கும் என்னிடம் உடனடிப் பதில் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் மேலாளருக்கு இந்த மெயில் தேடலின் முடிவு. பெறுபவர் இதைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் தன் இப்போதைய வேலைக்கு ராஜினாமா எழுதப் போகிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு வரியையும் ஒரே கேள்வியால் சோதிக்கிறேன்: இதை நம்பி ஒருவர் ராஜினாமா எழுத முடியுமா? என் மெயில் அதில் நான்கு இடத்திலும் தோற்றது.

சம்பளத்திலிருந்து தொடங்கலாம். பலரும் செய்யும் தவறு, ஒரே ஒரு எண்ணை எழுதுவது. அந்த 12 லட்சம், நிறுவனத்துக்கு ஓர் ஆண்டில் அவருக்காக ஆகும் மொத்தச் செலவு. அதற்குள் நிலையான சம்பளம் 9,60,000, வேலைத்திறனைப் பொறுத்த போனஸ் 1,44,000, ஓய்வூதியச் சேமிப்புக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு 96,000. பெறுபவர் என்ன செய்வார்? 12 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் ஒரு லட்சம் என்று மனதில் குறித்துக்கொள்வார். உண்மையில் மாதச் சம்பளம், வரிக்கு முன், 80,000. முதல் மாதச் சம்பளம் வரும் நாளில் 20,000 குறைந்தால் அவர் அதைக் கணக்குப் பிழையாகப் பார்க்க மாட்டார், ஏமாற்றியதாகத்தான் பார்ப்பார்.

ஆகவே மாதக் கணக்கில் நிலையான தொகை முதலில் வரட்டும். அது வரிக்கு முன்னா பின்னா என்று அதே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். ஆண்டின் மொத்தம் அப்புறம் வரலாம். கையில் வரும் தொகையை நீங்களே கணக்குப் போட்டு எழுதாமல் இருப்பது நல்லது. அது அவருடைய வரிநிலையைப் பொறுத்தது, அதை நீங்கள் முழுதாக அறிய மாட்டீர்கள்.

போனஸில் வேறு ஒரு சறுக்கல் உண்டு. “1,44,000 போனஸ்” என்று எழுதினால் கட்டாயம் கிடைக்கும் என்றுதான் படிக்கத் தோன்றும். இலக்கை முழுமையாக எட்டினால் கிடைக்கும் தொகை அது என்றால், அப்படியே எழுதுங்கள். எப்போது தரப்படும், ஆண்டின் நடுவில் சேர்பவருக்கு முழுதாகவா, சேர்ந்த மாதங்களின் விகிதத்திலா என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். “வரை” என்ற சொல்லிடம் ஜாக்கிரதை. “15 சதவீதம் வரை” என்றால் எழுதுபவர் பூஜ்யத்தையும் சேர்த்து நினைக்கிறார், படிப்பவர் 15-ஐ மட்டும்தான் பார்க்கிறார்.

பதவியின் பெயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளம்பரத்தில் இருந்த பெயர், நேர்காணலில் சொன்ன பெயர், மெயிலில் உள்ள பெயர் மூன்றும் ஒன்றாக இருந்தால் போதும். வேறுபட்டால் ஏன் என்று எழுதுங்கள். யாருக்குக் கீழ் வேலை, எந்த அலுவலகம், வாரத்தில் எத்தனை நாள் வர வேண்டும் என்பவையும் இங்கேயே வரட்டும். வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று நேர்காணலில் வாய்மொழியாகச் சொன்ன ஒன்று மெயிலில் இல்லை என்றால், ஆறு மாதம் கழித்து அதை யாரும் சொன்னதாகவே ஞாபகம் இருக்காது.

சேரும் தேதிக்கு வருவோம். பெரிய குழப்பம் நடப்பது இங்கேதான், ஏனென்றால் இது தனியாக நிற்கும் தேதி இல்லை. அந்த மெயிலை நான் அனுப்பியது ஜூன் 2, திங்கள்கிழமை. அவர் சரி என்று சொல்லி அன்றைக்கே ராஜினாமா கொடுத்திருந்தாலும், 60 நாள் நோட்டீஸ் ஜூலை 31-இல் முடியும். ஆகஸ்ட் 1 சரியாக வருகிறதே என்று தோன்றும். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். அன்றைக்கே ராஜினாமா கொடுப்பார் என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு. யோசிக்க நாமே வெள்ளிவரை நேரம் கொடுத்திருக்கிறோம். அதற்கு மேல், முன்னாள் மேலாளர்களிடம் விசாரிப்பதும் சான்றிதழ் சரிபார்ப்பதும் முடியவில்லை.

ஒரு நிபந்தனை பாக்கி இருக்கும்போது அதை மெயிலில் எழுதாமல் விட்டால், அது நிபந்தனையற்ற ஆஃபராகத்தான் படிக்கப்படும். பல நாடுகளின் சட்டத்தில், அதற்கு அவர் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று பதில் எழுதினாலே ஒப்பந்தம் உருவாகிவிடலாம். பத்து நாள் கழித்துச் சரிபார்ப்பில் சிக்கல் வந்தால், அவர் பழைய வேலையை விட்டிருப்பார், நீங்கள் புதிய வேலையைத் தர மறுப்பீர்கள். அப்போது வெறும் வருத்தம் தெரிவிப்பதோடு விஷயம் முடியாது.

நிபந்தனையை எழுதியவர்கள்கூட ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அது நிறைவேறிவிட்டது என்பதை யார், எப்போது, எப்படித் தெரிவிப்பார்கள்? அது தெரியாதவரை அவர் எந்த நாளில் ராஜினாமா கொடுப்பார்? கணக்கை முடிவிலிருந்து போடாமல் தொடக்கத்திலிருந்து போட்டால் தேதி தானாக வந்துவிடும். பதில் கெடு ஜூன் 6, வெள்ளி. சரிபார்ப்பு முடிந்து எழுத்தில் உறுதி தருவது ஜூன் 13, வெள்ளி. ராஜினாமா ஜூன் 16, திங்கள். அந்த நாளையும் சேர்த்து 60 நாள் எண்ணினால் ஆகஸ்ட் 14, வியாழன் வருகிறது. சேரும் நாள் ஆகஸ்ட் 18, திங்கள். நான் எழுதிய தேதிக்கும் நடக்கக்கூடிய தேதிக்கும் பதினேழு நாள் வித்தியாசம். அதுவும் பழைய நிறுவனம் ஒரு நாள்கூட நீட்டிக்கவில்லை என்றால். நோட்டீஸ் எத்தனை நாள், எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும்.

தேதியை எழுதும் விதமும் ஆளைக் கவிழ்க்கும். 03/04 என்று எழுதினால் ஒருவருக்கு ஏப்ரல் 3, இன்னொருவருக்கு மார்ச் 4. மாதத்தின் பெயரையும் கிழமையையும் எழுதுங்கள். கிழமை எழுதினால் தவறு உடனே வெளியே வரும், தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்றால் யாராவது கேட்டுவிடுவார்கள்.

பதில் கெடுவில் ‘இந்த வாரத்துக்குள்’, ‘விரைவில்’, ‘இரண்டு நாளில்’ எல்லாம் வேண்டாம். கிழமை, தேதி, மணி, இருவரும் வேறு நாட்டில் இருந்தால் எந்த நாட்டு நேரம், எந்த முகவரிக்கு, என்ன சொல்லி என்பது வரை எழுதுங்கள். எத்தனை நாள் தருவது என்பதற்கு விதி கிடையாது. 24 மணி நேரத்தில் பதில் கேட்டால் யோசிக்க விடாமல் மடக்குகிறார்கள் என்று நினைப்பார். மூன்று வாரம் கொடுத்தால் உங்கள் இரண்டாவது விருப்பத்தில் இருப்பவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். நான்கைந்து வேலைநாள் கொடுப்பது என் வழக்கம். கூடுதல் நாள் கேட்டால், காரணம் நியாயமாக இருந்தால், ஒருமுறை தருவேன். அதையும் புதிய தேதியோடு மெயிலில் எழுதிவிடுவேன்.

சிலர் இன்னும் ஒரு படி போய், “வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதுவோம்” என்று எழுதிவிடுகிறார்கள். வேலை மிச்சம் என்ற எண்ணம் போல. 1862-இல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் இதேபோல் ஒரு வழக்கு வந்தது. ஒருவர் தன் சகோதரர் மகனின் குதிரையை வாங்க நினைத்து, இதைப் பற்றி இனி எதுவும் சொல்லாவிட்டால் குதிரை என்னுடையது என்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அந்த மகனின் பொருள்களை ஏலம் விட்டவர் தவறுதலாகக் குதிரையையும் விற்றுவிட, குதிரை தன்னுடையது என்று கடிதம் எழுதியவர் வழக்குப் போட்டார், தோற்றார். பேசாமல் இருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி என்ற அந்த வழக்கைத்தான் இன்றும் சட்ட மாணவர்களுக்குச் சொல்கிறார்கள். கெடு தாண்டினால் ஆஃபர் காலாவதியாகும் என்று எழுதுங்கள். அதற்கு முன், கெடு நாளின் காலையில் ஒரு போன் போடுங்கள். மெயில் ஸ்பேமில் கிடப்பது நாம் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது.

சரி, அந்த மெயிலை இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்:

> நிதிப் பிரிவு மேலாளருக்குக் கீழ், சீனியர் அக்கவுண்டன்ட் பணிக்கு உங்களைத் தேர்ந்தெடுத்துள்ளோம். நிலையான சம்பளம் வரிக்கு முன் மாதம் 80,000, ஆண்டுக்கு 9,60,000. இலக்கை முழுமையாக எட்டினால் ஆண்டுக்கு 1,44,000 போனஸ் உண்டு. இந்த ஆண்டு அது சேர்ந்த மாதங்களின் விகிதத்தில் கணக்கிடப்படும். ஓய்வூதியச் சேமிப்புக்கு நாங்கள் செலுத்துவது ஆண்டுக்கு 96,000.
>
> முன்னாள் மேலாளர்களிடம் விசாரிப்பதும் சான்றிதழ் சரிபார்ப்பும் திருப்தியாக முடிந்தால்தான் இந்த ஆஃபர் உறுதியாகும். முடிவை ஜூன் 13, வெள்ளிக்குள் மெயிலில் சொல்கிறோம். அதுவரை ராஜினாமா கொடுக்க வேண்டாம். உங்கள் 60 நாள் நோட்டீஸைக் கணக்கில் கொண்டு சேரும் நாளை ஆகஸ்ட் 18, திங்கள் என்று வைத்துள்ளோம். பொருந்தாவிட்டால் சொல்லுங்கள்.
>
> ஜூன் 6, வெள்ளி மாலை 5 மணிக்குள் இந்த மெயிலுக்கே ‘ஏற்கிறேன்’ அல்லது ‘ஏற்கவில்லை’ என்று பதில் அனுப்புங்கள். அதற்குப் பிறகு இந்த ஆஃபர் செல்லாது.

‘ராஜினாமா கொடுக்க வேண்டாம்’ என்ற வரியைப் பார்த்து ஹெச்.ஆர். ஒருமுறை முகம் சுளித்தார்கள், ஆளைத் தயங்க வைக்கும் என்று. நான் விடவில்லை.

அனுப்பும் முன் ஒரு வேலை பாக்கி. பழைய ஆஃபர் மெயிலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. போன முறை தேர்வானவருக்குப் பேசிய சம்பளமோ தேதியோ அதில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒப்புதல் வந்த தாளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணையும் விரலால் தொட்டுச் சரிபாருங்கள். ஒப்புதல் கையில் வராமல் ‘வந்துவிடும்’ என்ற நிலையில் இருந்தால், அன்றைக்கு அனுப்பும் பொத்தானைத் தொடாதீர்கள்.