கல்யாண லீவும் ஹேண்ட்ஓவர் குறிப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டீமில் அடுத்தடுத்து இரண்டு பேருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இருவரும் லீவு மெயிலை என்னிடம் காட்டினார்கள். என் கல்யாணத்தின்போது நான் செய்த தவறுகள் அப்படியே இருந்தன. தேதி பிழை, சிசியில் பெயர் விட்டுப்போவது எல்லாம் யாராவது கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்கள். அவற்றை விடுகிறேன்.

கல்யாணத் தேதியை மட்டும் எழுதுவது

மேனேஜருக்கு வேண்டியது வேறு: கடைசி வேலை நாள், திரும்பும் நாள், நடுவில் விழும் டெட்லைன், அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர். இந்த நான்கும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.

"பார்த்துக்கலாம்ப்பா" என்பதை ஒப்புதலாக எடுத்துக்கொள்வது

மேனேஜர் வாயால் அப்படிச் சொல்வது ஒப்புதல் இல்லை. சிஸ்டத்தில் அப்ரூவ் ஆன பிறகு ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.

கடைசி நாளில் எழுதும் ஹேண்ட்ஓவர் குறிப்பு

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. என் கல்யாணம் 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. 10 முதல் 21 வரை லீவு. 18ஆம் தேதி ஒரு ரிலீஸ் இருந்தது. 7ஆம் தேதி மாலை, எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து அரை மணி நேரத்தில் குறிப்பை எழுதினேன். அதில் ஒரு வரி: "டெஸ்டிங் முடிந்தது. 18ஆம் தேதி வெண்டார் ஃபைல் வரும், லோட் செய்யவும்." எனக்கு அது முழுமையாகத்தான் தெரிந்தது. இரண்டு வருஷமாக அந்த வேலையைச் செய்தவனுக்கு வேறெப்படித் தெரியும்?

18ஆம் தேதி காலை நானும் மனைவியும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். என் வேலையைப் பார்த்துக்கொண்டவரிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, லாகின் பண்ணா உங்க நம்பருக்கு ஓடிபி போகுது." சொன்னேன். பத்து நிமிஷத்தில் மறுபடி போன். ஃபைலின் கடைசி வரியில் 4,200 ரெக்கார்டு என்று இருக்கிறது, உள்ளே 4,150தான் இருக்கிறது, லோட் செய்யலாமா? கூடாது. வெண்டாரிடம் மறு ஃபைல் கேட்க வேண்டும். யாரைக் கேட்பது என்பதும் என் மெயில்பெட்டியில் மட்டுமே இருந்தது. மூன்று மணி நேரம் அந்த வீட்டுத் திண்ணையில் போனும் கையுமாக நின்றேன். மனைவி உள்ளே தனியாக எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ரிலீஸ் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

தப்பு முழுக்க என்னுடையது. வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதினேன், வேலையை எப்படிச் செய்வது என்று எழுதவில்லை. அதைவிட முக்கியம், அந்தக் குறிப்பை வைத்து யாரும் ஒருமுறைகூட வேலையைச் செய்து பார்க்கவில்லை.

அதே தேதிகளை இன்று எனக்குக் கொடுத்தால் இப்படித்தான் செய்வேன். லீவுக்கு இரண்டு வாரம் முன்பே குறிப்பின் முதல் வடிவம். அன்றே, பொறுப்பெடுப்பவர் பெயரில் ஆக்சஸ் கேட்டு விண்ணப்பம். அதற்கு இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டியிருக்கும், கடைசி நாளில் கேட்டால் கிடைக்காது. 3ஆம் தேதியிலிருந்து 5 வரை, அவர் தன் லாகினில், என் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, டெஸ்ட் சூழலில் ஒரு முழுச் சுற்று ஓட்ட வேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன், ஆனால் வாய் திறக்க மாட்டேன். அவர் என் பக்கம் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் குறிப்பில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். 6ஆம் தேதி அந்த ஓட்டைகளை அடைப்பேன். 7ஆம் தேதி புதிதாக எதையும் தொட மாட்டேன்.

அந்த ஒற்றை வரி இப்போது இப்படி இருக்கும்: "ஃபைல் காலை 11 மணிக்குள் வரும். வராவிட்டால் வெண்டாரின் சப்போர்ட் முகவரிக்கு, கீழே உள்ள வரைவு மெயிலை அனுப்பவும். ஃபைலின் கடைசி வரியில் உள்ள எண்ணும் ரெக்கார்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் லோட் செய்யாமல் மறு ஃபைல் கேட்கவும். மாலை 4 மணிக்குள் அது வராவிட்டால் ரிலீஸைத் தள்ளிவைக்கும் முடிவு மேனேஜருடையது."

கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முடிவெடுப்பது யார் என்று எழுதாவிட்டால், முடிவைக் கேட்டு போன் உங்களுக்குத்தான் வரும்.

"அவசரம்னா கூப்பிடுங்க" என்று முடிப்பது

எழுதாதீர்கள். அந்த இடத்தில் உங்களுக்குப் பதில் கூப்பிட வேண்டியவர் பெயரை எழுதுங்கள்.

டெட்லைன் நகர்ந்த பிறகும் பழைய மெயிலை நம்புவது

லீவு கேட்டபோது 5ஆம் தேதியில் இருந்த டெலிவரி 12க்கு நகர்ந்தால், உங்கள் லீவு அப்ரூவ் ஆனது பழைய திட்டத்தை வைத்து. நகர்ந்த அன்றே அதே மெயிலுக்குப் பதிலாக இரண்டு வரி போடுங்கள்: "டெலிவரி இப்போது என் லீவுக்குள் வருகிறது. அதை இன்னார் பார்த்துக்கொள்வார், புதன்கிழமை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறோம்." லீவுத் தேதியை மாற்றட்டுமா என்று மட்டும் அதில் நீங்களாகக் கேட்காதீர்கள்.