கோளத்தைச் சுற்றி ஊரும் ஓட்டம்: ஓட்டச் சார்பிலிருந்து அழுத்தம் வரை படிப்படியாக

கிளிசரின் நிறைந்த பெரிய பாத்திரத்தில் 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு எஃகுக் குண்டைப் போட்டால், அது நொடிக்கு 1 சென்டிமீட்டர் அளவில் மெதுவாக இறங்கும். இதற்கு ரெனால்ட்ஸ் எண்ணைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கிளிசரினின் அடர்த்தி 1260, அறை வெப்பநிலையில் பாகுநிலை சுமார் 1.4 பாஸ்கல்-நொடி, குண்டின் விட்டம் 0.002 மீட்டர், வேகம் 0.01. கிடைப்பது ஏறத்தாழ 0.018. அதாவது, திரவத்தின் நிலைமம் பாகியல் விசைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டில் நிலைம உறுப்புகளைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஸ்டோக்ஸ் 1851-இல் செய்தது இதைத்தான்.

மிஞ்சுவது இவ்வளவுதான்:

```
∇p = μ ∇²u
∇·u = 0
```

முதலில் சட்டகம்

குண்டு அசையாமல் நிற்கிறது, திரவம் U வேகத்தில் அதைக் கடந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். குண்டின் ஆரம் a. மையத்திலிருந்து தூரம் r. கோணம் θ-வை ஓட்டம் போகும் திசையிலிருந்து அளக்கிறோம். எனவே θ = 0 என்பது குண்டின் பின்பக்கம், θ = 180° என்பது ஓட்டம் வந்து மோதும் முன்பக்கம். இதை ஒரு காகிதத்தில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அழுத்தத்தின் குறி தலைகீழாக வந்தால், பெரும்பாலும் இங்கேதான் குழப்பம் நேர்ந்திருக்கும்.

அச்சைச் சுற்றி ஓட்டம் சமச்சீராக இருப்பதால், இரண்டு வேகக் கூறுகளையும் ψ என்ற ஒரே ஓட்டச் சார்பிலிருந்து எடுக்கலாம்:

```
u_r =  1/(r² sinθ) · ∂ψ/∂θ
u_θ = −1/(r sinθ)  · ∂ψ/∂r
```

இப்படி எழுதிவிட்டால் நிறை மாறாமைச் சமன்பாடு தானாகவே நிறைவேறிவிடும். ψ மாறாமல் இருக்கும் கோடுகள்தான் ஓட்டக்கோடுகள். அழுத்தத்தை நீக்கிவிட்டால் ψ-க்கு ஒரே சமன்பாடு மிஞ்சும்:

```
E²(E²ψ) = 0
E² = ∂²/∂r² + (sinθ/r²) ∂/∂θ( (1/sinθ) ∂/∂θ )
```

தீர்வைக் கண்டுபிடிப்பது

குண்டிலிருந்து வெகு தொலைவில் ஓட்டம் சீரானது. அங்கே ψ = ½U r² sin²θ. இதிலுள்ள sin²θ நமக்கு வழி காட்டுகிறது: எல்லா இடத்திலும் ψ = f(r) sin²θ என்றே இருக்கட்டும். இப்போது E² மிக எளிதாகிவிடும். அது f-ஐ f″ − 2f/r² ஆக மாற்றும், அவ்வளவுதான். f = rⁿ என்று போட்டுப் பார்த்தால் n-க்கு 4, 2, 1, −1 என்று நான்கு மதிப்புகள் வரும். r⁴ உறுப்பு தொலைவில் கட்டுக்கடங்காமல் வளரும், அதனால் அதை விட்டுவிடுகிறோம். r² உறுப்பின் கெழு U/2 என்பது ஏற்கெனவே தெரியும். ஆக,

```
f = U r²/2 + C r + D/r
```

குண்டின் மேற்பரப்பில் திரவம் ஒட்டி நிற்கிறது, இரண்டு வேகக் கூறுகளும் பூச்சியம். எனவே f(a) = 0, f′(a) = 0:

```
U a²/2 + C a + D/a = 0
U a + C − D/a² = 0
```

இரண்டாவதிலிருந்து C-ஐ எடுத்து முதலாவதில் போட்டால் D = Ua³/4, C = −3Ua/4. சரி, ஓட்டச் சார்பு கிடைத்துவிட்டது:

```
ψ = U sin²θ ( r²/2 − 3ar/4 + a³/(4r) )
u_r =  U cosθ ( 1 − 3a/(2r) + a³/(2r³) )
u_θ = −U sinθ ( 1 − 3a/(4r) − a³/(4r³) )
```

r = a என்று போட்டு அடைப்புக்குள் இருப்பது பூச்சியம் ஆகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே வேண்டாம்.

அழுத்தம் எங்கே ஒளிந்திருக்கிறது

எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மூன்று உறுப்புகளிலும் தனித்தனியாக E²-ஐச் செலுத்துங்கள். r²-க்கு 2 − 2 = 0. 1/r-க்கும் 2/r³ − 2/r³ = 0. நடுவிலிருக்கும் C r மட்டும்தான் தப்பிப் பிழைக்கிறது:

```
E²ψ = (3Ua/(2r)) sin²θ
```

திரவத்தின் சுழிப்பு, அழுத்தம், குண்டின் மீதுள்ள இழுவிசை எல்லாமே இந்த ஒற்றை உறுப்பிலிருந்துதான் வருகின்றன. மற்ற இரண்டும் சுழிப்பற்ற ஓட்டங்கள், அவற்றால் அழுத்தத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. அழுத்தத்தைப் பெற, ஆரத் திசையிலான சமன்பாட்டை எடுப்போம்:

```
∂p/∂r = μ/(r² sinθ) · ∂(E²ψ)/∂θ = 3μUa cosθ / r³
p = p∞ − (3/2) μUa cosθ / r²
```

மேற்பரப்பில், முன்பக்கத்தில் cosθ = −1. அங்கே அழுத்தம் 3μU/(2a) அளவு கூடுகிறது. பின்பக்கத்தில் அதே அளவு குறைகிறது. பக்கவாட்டில் மாற்றமே இல்லை. நம் குண்டுக்கு எண்களைப் போட்டால், முன்னால் +21 பாஸ்கல், பின்னால் −21 பாஸ்கல்.

பெர்னூலி சமன்பாட்டை வைத்து இதே முன்முனை அழுத்தத்தைக் கணக்கிட முயல்பவர்கள் உண்டு. ½ρU² என்பது இங்கே 0.063 பாஸ்கல்தான். முந்நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம்! இங்கே அழுத்தம் U-க்கு நேர்விகிதத்தில் மாறுகிறது, U²-க்கு அல்ல. உங்கள் விடையில் அடர்த்தி ρ எங்காவது தலைகாட்டினால், எங்கோ பிழை இருக்கிறது.

விசையைக் கூட்டுவது

மேற்பரப்பில் உராய்வுத் தகைவு −3μU sinθ/(2a). அழுத்தத்தின் பங்கையும் இதன் பங்கையும் ஓட்டத் திசையில் பிரித்துக் கூட்டினால்:

```
(3μU/2a)(cos²θ + sin²θ) = 3μU/2a
```

கோணமே காணாமல் போய்விட்டது. மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும், முன்னாலோ பின்னாலோ பக்கத்திலோ, ஓட்டத் திசையில் ஒரே அளவு தகைவு. அப்புறம் தொகையீடு எதற்கு? பரப்பளவு 4πa² ஆல் பெருக்கினால் போதும்: 6πμaU. இதில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தால், மீதி இரண்டு பங்கு உராய்வால்.

நம் குண்டுக்கு இது சுமார் 0.00026 நியூட்டன். எஃகின் அடர்த்தி 7800 என்று வைத்து, எடையிலிருந்து மிதப்பு விசையைக் கழித்து இதற்குச் சமப்படுத்தினால், இறங்கும் வேகம் நொடிக்கு 1.02 சென்டிமீட்டர் வருகிறது. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட வேகத்தோடு இது பொருந்துகிறது.

செய்து பார்க்கும்போது எங்கே இடிக்கும்

குண்டின் பக்கவாட்டில் r = 10a தூரத்தில் வேகம் இன்னும் 0.925U தான். பத்து ஆரம் தள்ளிப் போயும் 7.5 விழுக்காடு கலக்கம் மிச்சமிருக்கிறது, ஏனென்றால் அது a/r என்ற விகிதத்தில்தான் மெல்லத் தேய்கிறது. அதனால் பாத்திரச் சுவர் குண்டை எளிதில் பாதிக்கும். 1 சென்டிமீட்டர் ஆரமுள்ள குழாயின் நடுவே நம் குண்டை இறக்கினால், வேகம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அளந்த வேகம் சூத்திரத்தைவிடக் குறைவாக இருந்தால், பாகுநிலையைச் சந்தேகிப்பதற்கு முன் குழாயின் அகலத்தைப் பாருங்கள்.

இன்னொரு எல்லை தொலைவில் இருக்கிறது. விட்டுவிட்ட நிலைம உறுப்பு ρU²a/r² அளவிலும், பாகியல் உறுப்பு μUa/r³ அளவிலும் குறைகின்றன. பின்னது வேகமாகக் குறைவதால், எவ்வளவு சிறிய ரெனால்ட்ஸ் எண்ணாக இருந்தாலும் ஏதோ ஒரு தூரத்தில் இரண்டும் சமமாகிவிடும். நம் கணக்கில் அது ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். 1889-இல் வைட்ஹெட் இந்தத் தீர்வைப் படிப்படியாகத் திருத்த முயன்று முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான். 1910-இல் ஓசீன் நிலைம உறுப்பை ஓரளவு சேர்த்துக்கொண்டு இழுவிசையைத் திருத்தினார்:

```
F = 6πμaU (1 + (3/16) Re)
```

இதில் Re விட்டத்தை வைத்துக் கணக்கிட்டது. நம் குண்டுக்கு இந்தத் திருத்தம் 0.3 விழுக்காடுதான், அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அதே குண்டை, பாகுநிலை பதினைந்து மடங்கு குறைந்த எண்ணெயில் போட்டால் கதை வேறு: வேகமும் கூடும், Re ஒன்றைத் தாண்டிவிடும். அங்கே மேலே உள்ள ψ-யை நம்பி எதையும் கணக்கிடக் கூடாது.