பழைய பிஎஸ்4 வாங்கப் போறீங்களா? டிவிடி ஓடுவதைப் பார்த்துப் பணத்தை நீட்டாதீர்கள்

கீறல் இருக்கிறதா, கன்ட்ரோலர் சார்ஜ் ஏறுகிறதா என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். புதிதாக வாங்குபவர்கள் நாங்கள் அந்தக் காலத்தில் ஏமாந்த அதே இடத்தில் இன்றும் போய் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

டிஸ்க் டிரைவைப் பார்க்கும் விதம்

என் அக்கா மகன் செகண்ட் ஹேண்டில் ஒரு 500 ஜிபி ஸ்லிம் வாங்கினான். கடைக்காரர் ஒரு பட டிவிடியைப் போட்டார், படம் அழகாக ஓடியது, 'டிரைவ் பக்கா தம்பி' என்றார், இவனும் காசைக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போட்டால், அது இரண்டு டிஸ்க்கில் வரும் கேம், முதல் டிஸ்க்கிலேயே காப்பி பாதியில் நின்றுவிட்டது. எடுத்துத் துடைத்துப் போட்டால் டிஸ்க்கையே கண்டுகொள்ளவில்லை.

டிவிடியைப் படிப்பது சிவப்பு லேசர். பிஎஸ்4 கேம்கள் வருவது ப்ளூ-ரே டிஸ்க்கில், அதைப் படிக்க நீல லேசர் வேண்டும். இரண்டும் ஒரே டிரைவுக்குள் இருந்தாலும் நீலம் செத்த பிறகும் சிவப்பு நன்றாகவே வேலை செய்யும். ஆக டிவிடி ஓடினால் உங்களுக்கு வேண்டிய லேசரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், தெரிந்தும் இருக்கலாம், எனக்கு இரண்டிலுமே எரிச்சல்தான்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. கேம் டிஸ்க்கைப் போட்டு, கேம் திறந்துவிட்டது என்று காட்டுவார்கள். பிஎஸ்4-இல் கேம் முழுவதும் ஹார்ட் டிஸ்க்கில் ஏறிவிடும். ஏற்கெனவே ஏற்றிய கேம் என்றால், டிஸ்க் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திறந்துவிடும். புதிதாக ஏற்றும் கேமும் பல நேரம் காப்பி முடியும் முன்பே விளையாட விடும்.

அதனால் உங்களிடம் இருக்கும், கீறல் இல்லாத பெரிய கேம் டிஸ்க் ஒன்றைக் கொண்டுபோங்கள். அந்த கேம் ஏற்கெனவே மெஷினில் இருந்தால் அழிக்கச் சொல்லுங்கள், சேவ் ஃபைல் தனியாகத்தான் இருக்கும், போகாது. அப்புறம் Settings > Network-இல் Connect to the Internet டிக்கை எடுத்துவிட்டு டிஸ்க்கைப் போடுங்கள். இப்போது எல்லாமே டிஸ்க்கிலிருந்துதான் வந்தாக வேண்டும். Notifications > Downloads-இல் காப்பி கடைசி வரை போகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். பெரிய கேம்கள் இரண்டு அடுக்கு டிஸ்க்கில் வரும், நோஞ்சான் லேசர் முதல் அடுக்கைச் சமாளித்துவிட்டு இரண்டாவதில் திணறலாம். அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும், 'இவ்வளவு நேரமெல்லாம் முடியாது சார்' என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

டிரைவ் போனால் எந்த மாடலிலும் வேறொரு டிரைவ் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் வந்த பிஎஸ்4 மாடல்களில் டிரைவில் இருக்கும் சின்ன போர்டு மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. அவற்றில் வேறு மெஷினின் டிரைவை அப்படியே வைத்தால் கேம் டிஸ்க் ஓடாது. பழைய போர்டை வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்ட மெஷினை முன்பே ஒருவர் பிரித்திருந்தால் அந்த போர்டு எங்கே என்று கேளுங்கள்.

'அப்டேட் மட்டும் பண்ணாதீங்க' என்றால்

சோனியின் பூட்டை உடைத்து ஜெயில்பிரேக் செய்த மெஷினாக இருக்கலாம், அல்லது போர்டு ஜோடி கலைந்திருக்கலாம். வேண்டாம்.

அட்டைப்பெட்டியில் 1 டிபி

பெட்டியை நம்பாமல் Settings > Storage பாருங்கள். 500 ஜிபி மெஷினில் கேமுக்குக் கிடைப்பது சுமார் 400 ஜிபிதான், அதில் ரெட் டெட் மாதிரி ஒன்றே 100 ஜிபியைச் சாப்பிட்டுவிடும். ஆனாலும் இதற்காக மெஷினை ஒதுக்க வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். உள்ளே இருப்பது லேப்டாப்பில் வரும் 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க், நாமே மாற்றலாம். அதைத் தொட விருப்பமில்லை என்றால் யூஎஸ்பி 3.0 எக்ஸ்டர்னல் மாட்டலாம், 250 ஜிபியாவது இருக்க வேண்டும். எதில் ஏற்றினாலும் டிஸ்க் கேம் என்றால் விளையாடும்போது டிஸ்க் உள்ளே இருந்தாக வேண்டும்.

புது கேம் வருமா?

எந்த கேமுக்காக வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எஃப்சி 26 பிஎஸ்4-க்கும் வந்தது. ஜிடிஏ 6 பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் மெஷின்களுக்கு என்றுதான் அறிவித்திருக்கிறார்கள். பிஎஸ் பிளஸ் மாதாந்திர கேம்களிலும் 2026 ஜனவரியிலிருந்து பிஎஸ்4 கேம்களுக்கு முக்கியத்துவம் இல்லை என்று சோனியே சொல்லிவிட்டது. ஆகவே சந்தா கட்டி மாதாமாதம் கேம் வாங்கலாம் என்ற கணக்கில் பிஎஸ்4 எடுக்காதீர்கள். பழைய டிஸ்க்குகளை வாங்கி, முடித்து, விற்று ஓட்டுவதாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம், நீல லேசர் உயிரோடு இருந்தால்.